‘இல்லை’யை எங்கே வைப்பது?

நகராட்சிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நம் ஊரில் ஒவ்வொரு வார்டிலும், போன மாதம் ஒரு நாள்கூட வறண்டுபோகாத குழாய் ஒன்றாவது இருக்கிறது.” எதிர்வரிசையில் இருப்பவர் இதைப் பொய் என்று நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டினால் அவர் வென்றதாகும்?

“எந்த வார்டிலும் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை” என்று அவர் கத்தலாம். அது தேவைக்கு மேல். ஒரே ஒரு வார்டு மாட்டினாலே சொன்னவரின் பேச்சு உடைந்துவிடும். “ஆறாவது வார்டில் கோயில் முனைக் குழாயில் ஒரு நாள் தண்ணீர் வரவில்லை” என்று சொல்லலாம். அது போதாது. அதே வார்டில் வேறொரு குழாய் மாதம் முழுக்க ஓடியிருக்கலாமே. கொஞ்சம் யோசிப்பவர், “ஆறாவது வார்டில் 17-ஆம் தேதி எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை” என்பார். இது உண்மையானால் எதிராளி தோற்றார், சரிதான். ஆனால் இதுவும் சரியான மறுப்பு இல்லை. ஏன் என்று பார்க்க, அந்த வார்டில் இரண்டே குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 9-ஆம் தேதி மட்டும் வறண்டது, மற்றது 17-ஆம் தேதி மட்டும் வறண்டது. எல்லா நாளும் ஏதோ ஒரு குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. ஆகவே எந்தத் தேதியைச் சொல்லி ‘அன்று எதிலும் இல்லை’ என்றாலும் அது பொய். ஆனால் ஒரு நாள்கூட வறளாத குழாய் அங்கே கிடையாது என்பதால் முதலில் சொன்னதும் பொய். இரண்டும் ஒரே சமயத்தில் பொய்யாக இருக்க முடியுமென்றால், ஒன்று மற்றதன் மறுப்பாக இருக்க முடியாது.

சரியான மறுப்பு இது: “ஒரு வார்டு இருக்கிறது, அங்குள்ள குழாய் ஒவ்வொன்றுக்கும், அது வறண்டுபோன ஒரு நாள் உண்டு.” ஒவ்வொரு குழாய்க்கும் அந்த நாள் வேறாக இருக்கலாம். குழாயைப் பார்த்த பிறகு நாளைச் சொன்னால் போதும்.

கல்லூரிக் கணிதத்தில் தர்க்கமும் நிரூபணமும் சொல்லித்தரும் வகுப்பில் மாணவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ‘எல்லா’, ‘ஏதோ ஒன்று’ என்ற அளவுச்சொற்களை அங்கே ∀, ∃ என்ற குறிகளால் எழுதுவார்கள். ஒரே வாக்கியத்தில் இவை மூன்று நான்கு அடுக்காக வரும்போது மறுப்பது எப்படி என்பதற்கு ஒரு விதி உண்டு. ‘இல்லை’ என்பதை வாக்கியத்தின் வெளியே, இடது ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதை ஒவ்வொரு அளவுச்சொல்லாகத் தாண்டி வலப்பக்கம் நகர்த்த வேண்டும். ‘எல்லா’வைத் தாண்டினால் அது ‘ஏதோ ஒன்று’ ஆகும். ‘ஏதோ ஒன்றை’த் தாண்டினால் அது ‘எல்லா’ ஆகும். கடைசியில் ‘தண்ணீர் வந்தது’ என்ற அடிப்படைச் செய்தியில் போய் ஒட்டி, அதை ‘வரவில்லை’ என்று மாற்றும். அளவுச்சொற்களின் வரிசை மட்டும் அப்படியே இருக்கும்: வார்டு, குழாய், நாள். மூன்றாவது மறுப்பில் நடந்த தவறு அதுதான். நாளைக் குழாய்க்கு முன்னே கொண்டுவந்துவிட்டார்.

இரண்டு இடங்களில் இந்த விதியைத் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். ஒன்று, எல்லைக்கட்டு. ‘நகராட்சிக்குள் இருக்கும் ஒவ்வொரு வார்டிலும்’ என்பதை மறுக்கும்போது நகராட்சிக்கு வெளியே போகக் கூடாது. ‘நகராட்சிக்குள் ஒரு வார்டு இருக்கிறது’ என்றுதான் வரும். கணிதத்தில் ‘0-வைவிடப் பெரிய ஒவ்வொரு ε-க்கும்’ என்பதன் மறுப்பு ‘0-வைவிடப் பெரிய ஓர் ε இருக்கிறது’ என்பதே. விடைத்தாள்களில் அது ‘ε ≤ 0’ என்று தலைகீழாகிவிடும். மறுக்கிற வேகத்தில் கண்ணில் பட்ட குறியையெல்லாம் திருப்பிவிடுவதால் வருவது இது.

இன்னொன்று ‘எனில்’. ‘மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை’ என்பதன் மறுப்பு ‘மழை பெய்தால் விடுமுறை இல்லை’ என்பதல்ல. ‘மழை பெய்தது, ஆனாலும் பள்ளி நடந்தது’ என்பதுதான். ‘எனில்’ போய் ‘மற்றும்’ வரும். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும், மீதியெல்லாம் கைப்பழக்கம்.

பேச்சுத் தமிழ் இதில் நமக்கு அவ்வளவாக உதவாது. ‘எல்லாரும் வரவில்லை’ என்று சொன்னால், ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் மட்டும் வரவில்லை என்றும் கொள்ளலாம். குரலின் ஏற்ற இறக்கத்தாலும் இடம் பொருளாலும் நாம் சமாளித்துக்கொள்கிறோம். நிரூபணத்தில் குரல் கிடையாது. அங்கே ‘இல்லை’ எங்கே நிற்கிறது என்பதைத் தாளில் காட்டியாக வேண்டும்.

இது வெறும் தேர்வுத் தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய கணித மூளைகளில் ஒருவர் எழுதிய தேற்றம் இதே இடத்தில் ஆட்டம் கண்டது. பிரான்சின் அகஸ்டின் லூயி கோசி, பாரிசின் எக்கோல் பொலிடெக்னிக் மாணவர்களுக்காக எழுதிய பாடநூல் 1821-இல் வெளிவந்தது. அதில் ஒரு தேற்றம் உண்டு. முடிவில்லாத தொடர் ஒன்றில் ஒவ்வோர் உறுப்பும் x-இன் தொடர்ச்சியான சார்பாக இருந்து, அந்தத் தொடர் ஒருங்கினால், கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதாகவே இருக்கும் என்பது அது. தொடர்ச்சியான சார்பு என்றால், பேனாவை எடுக்காமல் வரையக்கூடிய, நடுவில் எங்கும் தாவாத வளைகோடு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். தாவாதவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் தாவுகிற ஒன்று கிடைக்காது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

1826-இல் நார்வேக்காரர் நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல், வயது 24, ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் இந்தத் தேற்றத்துக்கு விதிவிலக்குகள் உண்டு என்று எழுதி, ஓர் உதாரணமும் தந்தார்:

sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − (sin 4x)/4 + …

ஒவ்வோர் உறுப்பும் வழவழப்பான அலை. x-இன் மதிப்பு −π-க்கும் π-க்கும் இடையில் இருக்கும்வரை இந்தத் தொடரின் கூட்டுத்தொகை x/2. ஆக x, π-ஐ நெருங்க நெருங்கக் கூட்டுத்தொகை π/2-ஐ, அதாவது ஏறக்குறைய 1.57-ஐ நெருங்குகிறது. ஆனால் x சரியாக π ஆனதும் எல்லா உறுப்பும் 0 ஆகிவிடுகிறது, கூட்டுத்தொகையும் 0. π-ஐத் தாண்டியதும் −1.57 பக்கத்திலிருந்து மறுபடி ஏறத் தொடங்குகிறது. பேனாவை எடுக்காமல் இதை வரைய முடியாது.

தேற்றம் பொய் என்று தெரிந்துவிட்டது. எங்கே பொய் என்பது உடனே தெரியவில்லை. கோசியின் நிரூபணத்தில், n போதுமான அளவு பெரிதானால் தொடரின் மீதி வேண்டிய அளவுக்குச் சிறிதாகிவிடும் என்று வருகிறது. அந்த n எல்லா x-க்கும் ஒன்றேதானா, இல்லை ஒவ்வொரு x-க்கும் வேறுவேறா என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. அன்றைக்கு ∃ என்ற குறியும் கிடையாது, ∀ என்ற குறியும் கிடையாது. முன்னதை இத்தாலியின் பியானோ நூற்றாண்டின் கடைசியில்தான் கொண்டுவந்தார். பின்னதை ஜெர்மனியின் கென்ட்சன் 1935-இல். கோசி உண்மையிலேயே தவறினாரா, அல்லது அவர் சொற்களுக்கு நாம் இன்றைய பொருளைத் திணிக்கிறோமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஃபிலிப் லுட்விக் சைடல். 1840-களின் பிற்பகுதியில் அவர் எழுதிய கட்டுரை தேற்றத்தை முன்பக்கமிருந்து சரிபார்க்கவில்லை, வாலைப் பிடித்தது. கூட்டுத்தொகை ஓரிடத்தில் தாவுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் தொடரைப் பற்றி என்ன உண்மையாக இருந்தாக வேண்டும்? அந்த இடத்துக்கு அருகில் தொடர் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஒருங்கும் என்பது அவர் கண்ட விடை. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் ஸ்டோக்ஸும் இதை ஒட்டிய முடிவுக்கு வந்தார். 1853-இல் கோசியே தம் தேற்றத்தைத் திருத்தி எழுதினார்.

சைடலின் வழியைத்தான் இன்றைய வகுப்புகளில் கான்ட்ராபாசிட்டிவ் நிரூபணம் என்கிறார்கள். ‘P எனில் Q’ என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் ‘Q இல்லை எனில் P இல்லை’ என்பதை நிரூபிப்பது. இரண்டும் ஒரே கூற்றுதான், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். சொல்வதற்கு ஒரு வரி. ஆனால் P, Q இரண்டுமே அடுக்கடுக்கான அளவுச்சொற்களால் கட்டப்பட்டிருக்கும்போது, ‘Q இல்லை’ என்றால் என்ன, ‘P இல்லை’ என்றால் என்ன என்பதைச் சரியாக எழுதுவதிலேயே பாதி நிரூபணம் முடிந்துவிடுகிறது. அதைச் செய்தே பார்ப்போம்.

முதலில் எளிய உதாரணம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். 0 முதல் 1 வரை உள்ள எண்களில் x, x², x³, … என்று அடுக்கிக்கொண்டே போகும் சார்புகள். n-ஆவது சார்பு fₙ(x) = xⁿ. எல்லாமே தொடர்ச்சியானவை. x, 1-க்குக் குறைவாக இருந்தால் அதை மறுபடி மறுபடி பெருக்கப் பெருக்க 0-வை நெருங்கும். x = 1 என்றால் எத்தனை முறை பெருக்கினாலும் 1. ஆகவே இவை போய்ச் சேரும் சார்பு f, 1-க்கு முன்புவரை 0, 1-இல் மட்டும் 1. தாவுகிறது.

‘போய்ச் சேர்வது’ என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். முதல் விதம், புள்ளிக்குப் புள்ளி:

∀x ∀ε>0 ∃N ∀n≥N : |fₙ(x) − f(x)| < ε

x-ஐச் சொல்லுங்கள், பிறகு எவ்வளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று ε-ஐச் சொல்லுங்கள், அதற்கப்புறம் எந்த N-இலிருந்து இடைவெளி அதற்குள் அடங்கும் என்று நான் சொல்கிறேன். இரண்டாம் விதம், சீரான ஒருங்கல்:

∀ε>0 ∃N ∀n≥N ∀x : |fₙ(x) − f(x)| < ε

இங்கே x கடைசிக்குப் போய்விட்டது. N-ஐ நான் சொல்லும்போது x எதுவென்று எனக்குத் தெரியாது. ஒரே N எல்லா x-க்கும் சேர்த்து வேலை செய்தாக வேண்டும். இரண்டு வரிகளிலும் குறிகள் அதேதான், இடம்தான் மாறியிருக்கிறது. 1821-க்கும் 1853-க்கும் நடுவிலிருந்த குழப்பமெல்லாம் இந்த இடமாற்றத்தில் அடங்கும்.

இப்போது சீரான ஒருங்கலை மறுப்போம். ‘இல்லை’யை இடது ஓரத்திலிருந்து நகர்த்தினால் வருவது:

∃ε>0 ∀N ∃n≥N ∃x : |fₙ(x) − f(x)| ≥ ε

‘ε>0’ அப்படியே இருக்கிறது, ‘n≥N’ அப்படியே இருக்கிறது. ‘<’ மட்டும் ‘≥’ ஆகியிருக்கிறது. இதைக் குறிகளின் வரிசையாகப் பார்ப்பதைவிட வேலைப் பங்கீடாகப் பார்ப்பது நல்லது. ∃ வருமிடத்தில் நான் தேர்ந்தெடுக்கிறேன், ∀ வருமிடத்தில் எதிராளி தேர்ந்தெடுக்கிறார். ஆக, முதலில் நான் ஓர் ε-ஐ அறிவிக்கிறேன். அதைக் கேட்டு எதிராளி தனக்குப் பிடித்த N ஒன்றைச் சொல்கிறார், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும். அந்த N-ஐப் பார்த்த பிறகு நான் n-ஐயும் x-ஐயும் தேடி எடுக்கிறேன்.

xⁿ விஷயத்தில் ஆட்டம் இப்படிப் போகும். நான் ε = 1/2 என்கிறேன். எதிராளி N = 10 என்கிறார். நான் n = 10 என்று வைத்து, பத்து முறை பெருக்கினால் சரியாக 1/2 வரும் எண்ணை எடுக்கிறேன்: ஏறக்குறைய 0.933. அங்கே f-இன் மதிப்பு 0, f₁₀-இன் மதிப்பு 1/2, இடைவெளி 1/2. எதிராளி N-ஐ 100 ஆக்கினால் நான் 0.9931-க்குப் போவேன். 1000 என்றால் 0.9993. அவர் எவ்வளவு தூரம் ஓடினாலும் 1-ஐ இன்னும் கொஞ்சம் ஒட்டி எனக்கு ஓர் x கிடைக்கும். சைடல் சொன்ன மெதுவான ஒருங்கல் இதுதான்.

கவனிக்க வேண்டியது, நான் x-ஐ எப்போது எடுத்தேன் என்பது. N தெரிந்த பிறகு. ஆட்டம் தொடங்கும் முன்பே 0.933-ஐ அறிவித்திருந்தால் தோற்றிருப்பேன். பத்தாவது அடுக்கில் 1/2 ஆக இருந்த அதே எண், நூறாவது அடுக்கில் 1/2-இன் பத்தாம் அடுக்காக, அதாவது 1/1024 ஆகச் சுருங்கிவிடுகிறது. வரிசை என்பது இங்கே இலக்கண அலங்காரம் இல்லை.

இனிப் பொதுவான தேற்றம். ‘தொடர்ச்சியான சார்புகள் f₁, f₂, f₃, … சீராக f-க்கு ஒருங்கினால், f தொடர்ச்சியானது.’ இதன் கான்ட்ராபாசிட்டிவ் எது என்று கேட்டால் நிறையப் பேர் ‘f தொடர்ச்சியற்றது எனில், சார்புகள் தொடர்ச்சியற்றவை, சீராக ஒருங்கவும் இல்லை’ என்று எழுதுவார்கள். அது தவறு. நிபந்தனைகள் இரண்டும் ‘மற்றும்’ என்பதால் இணைந்தவை. மறுக்கும்போது ‘இதாவது பொய், அல்லது அதாவது பொய்’ என்றுதான் ஆகும். நடைமுறையில் இன்னும் வசதியான வழி, ஒரு நிபந்தனையைப் பின்னணியில் அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் திருப்புவது: சார்புகள் எல்லாம் தொடர்ச்சியானவை, புள்ளிக்குப் புள்ளி f-க்கு ஒருங்குகின்றன, f தொடர்ச்சியற்றது எனில், ஒருங்கல் சீரானதல்ல. எதைப் பின்னணியில் வைப்பது, எதைத் திருப்புவது என்பது எழுதுபவரின் முடிவு. சைடல் எடுத்த முடிவு இது.

‘f, c என்ற இடத்தில் தொடர்ச்சியானது’ என்பதை விரித்தால்:

∀ε>0 ∃δ>0 ∀x : |x − c| < δ எனில் |f(x) − f(c)| < ε

மறுத்தால்:

∃ε>0 ∀δ>0 ∃x : |x − c| < δ மற்றும் |f(x) − f(c)| ≥ ε

‘எனில்’ போய் ‘மற்றும்’ வந்துவிட்டது. இங்கே கிடைக்கும் ε-க்கு h என்று பெயர் வைப்போம். அதுதான் தாவலின் அளவு. c-க்கு எவ்வளவு நெருக்கமாகப் பார்க்கச் சொன்னாலும், f-இன் மதிப்பு f(c)-யிலிருந்து h அளவாவது விலகிய ஓர் x அங்கே இருக்கும்.

இங்கே பங்குகள் மாறுகின்றன, மாணவர்கள் குழம்புவதும் இங்கேதான். நமக்குக் கொடுக்கப்பட்ட கூற்றில் ‘∀δ’ என்றால், δ-வைத் தேர்ந்தெடுப்பது நாம். ‘∃x’ என்றால் x நமக்குக் கொடுக்கப்படும். நாம் நிரூபிக்க வேண்டிய கூற்றில் நேர் எதிர்: ‘∀N’ என்றால் N எதிராளியின் கையில், ‘∃x’ என்றால் தேட வேண்டியது நாம். ஒரே குறி, எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் வரவாகவும் மறுபக்கம் செலவாகவும் ஆகிறது.

நிரூபணத்தைத் தாளில் இப்படி எழுதலாம்:

“f, c-இல் தொடர்ச்சியற்றது என்க. அப்போது h > 0 ஒன்று உண்டு. ஒவ்வொரு δ > 0-க்கும், |x − c| < δ, |f(x) − f(c)| ≥ h ஆகிய இரண்டும் பொருந்தும் ஓர் x இருக்கும். ε = h/3 என்று எடுப்போம். N ஏதேனும் ஓர் எண் என்க. c-இல் சார்புகள் f(c)-க்கு ஒருங்குவதால், |fₙ(c) − f(c)| < h/3 ஆகும்படி n ≥ N ஒன்றைத் தேர்கிறோம். இந்த fₙ தொடர்ச்சியானது. ஆகவே |x − c| < δ எனில் |fₙ(x) − fₙ(c)| < h/3 ஆகும்படி δ > 0 ஒன்று உண்டு. இந்த δ-வுக்கு, |x − c| < δ, |f(x) − f(c)| ≥ h என்று பொருந்தும் x ஒன்றை எடுப்போம். இப்போது

h ≤ |f(x) − f(c)| ≤ |f(x) − fₙ(x)| + |fₙ(x) − fₙ(c)| + |fₙ(c) − f(c)|

வலப்பக்கத்தின் கடைசி இரண்டும் தனித்தனியே h/3-க்குக் குறைவு. ஆகவே |fₙ(x) − f(x)| > h/3 = ε. ஒருங்கல் சீரானதல்ல.”

நிரூபணம் முடிந்தது. இதில் பெரிய யுக்தி எதுவும் இல்லை. f(x)-இலிருந்து f(c)-க்குப் போக குறைந்தது h தூரம். நேரே போகாமல் fₙ வழியாக மூன்று கட்டமாகப் போகிறோம். இரண்டு கட்டங்கள் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே கடக்கின்றன. எனவே மிச்சமுள்ள கட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடந்தே ஆக வேண்டும். h/3 என்பது முதல் வரியிலேயே வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது கடைசி வரியைக் கணக்குப் பார்த்த பிறகு மேலே போய் எழுதியது. பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் எத்தனையோ பேருக்கு ‘எனக்கு இது தோன்றாதே’ என்ற பயம் குறையும்.

தேர்வு நடந்த வரிசையைப் பாருங்கள்: N, பிறகு n, பிறகு δ, பிறகு x. இதைக் குலைத்தால் என்ன ஆகும்? தாவலைக் கண்ட உற்சாகத்தில் முதலிலேயே x-ஐ எடுத்துவிட்டு, அதற்கப்புறம் n-ஐத் தேடுபவர்கள் உண்டு. அப்படி எடுத்த x, fₙ-இன் δ-வுக்குள் அடங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த δ, n-ஐப் பார்த்துப் பிறப்பது. N மாறினால் அதுவும் மாறும். 0.933-ஐ முன்கூட்டியே அறிவித்தவருக்கு நேர்ந்ததுதான் இவருக்கும் நேரும். விடைத்தாளைத் திருத்துபவருக்கு இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு எழுத்தும் முதன்முதல் தோன்றும் இடத்தில் விரலை வைத்து, ‘இது எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது?’ என்று கேட்பது. பின்னால் வரப்போகும் ஒன்றைப் பார்த்து என்று விடை வந்தால் அங்கே ஓட்டை.

இன்னொரு பழக்கமும் பரவலாக இருக்கிறது. ‘f தொடர்ச்சியற்றது என்க. ஒருங்கல் சீரானது என்றும் கொள்வோம்’ என்று தொடங்கி, மேலே உள்ளதையே எழுதி, கடைசியில் ‘இது முரண்பாடு’ என்று முடிப்பது. தவறில்லை. ஆனால் இடையில் சீரான ஒருங்கலை எங்குமே பயன்படுத்தவில்லை. கடைசி வரியில் முட்டவைக்க மட்டும் அதை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். பயன்படுத்தாத அனுமானத்தை எடுத்துவிட்டால் அது தானே கான்ட்ராபாசிட்டிவ் ஆகிவிடும். படிப்பதற்கும் தெளிவு.

இதே தேற்றத்தை நேராகவும் நிரூபிக்கலாம், அதே மூன்று கட்டங்கள்தான். அப்படியானால் எப்போது திருப்புவது? என் கணிப்பு இது: Q-வை மறுத்தால் கையில் பிடிக்கக்கூடிய பொருள் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘எல்லா இடத்திலும் தாவவில்லை’ என்பதில் பிடிக்க ஒன்றுமில்லை. அதை மறுத்ததும் ஓர் இடம் c, ஓர் அளவு h என்று இரண்டு பொருள்கள் கைக்கு வருகின்றன. ∀-இல் தொடங்கும் முடிவுகளைத் திருப்பினால் இந்த லாபம் கிடைக்கும். ∃-இல் தொடங்கும் முடிவைத் திருப்பினால் முன்னால் ∀ வந்து நிற்கும், பெரும்பாலும் கைக்கு எதுவும் கிடைக்காது.

கான்ட்ராபாசிட்டிவை மறுதலையோடு போட்டுக் குழப்புவதும் உண்டு. ‘f தொடர்ச்சியானது எனில் ஒருங்கல் சீரானது’ என்பது தேற்றத்தின் மறுதலை. அது இதிலிருந்து வராது, உண்மையும் இல்லை. xⁿ-க்குப் பதில் xⁿ − x²ⁿ என்ற சார்புகளை எடுங்கள். 0 முதல் 1 வரை எந்த x-இலும் இவை 0-வுக்கே ஒருங்குகின்றன, 1-இலும்கூட. போய்ச் சேரும் சார்பு எங்கும் 0, அதைவிடத் தொடர்ச்சியானது வேறில்லை. ஆனால் xⁿ = 1/2 ஆகும் அந்தப் பழைய இடத்தில் மதிப்பு 1/2 − 1/4 = 1/4. ஆகவே ε = 1/4 என்று அறிவித்துவிட்டு, எதிராளி N = 10 என்றால் 0.933, N = 100 என்றால் 0.9931 என்று அதே புள்ளிகளை வைத்து அதே ஆட்டத்தை ஆடி வெல்லலாம்.

மறுதலை நிற்க வேண்டுமானால் கூடுதலாக ஏதாவது கேட்டாக வேண்டும். இத்தாலியின் உலிஸ்ஸே டினி 1878-இல் வெளியிட்ட நூலோடு இணைத்துச் சொல்லப்படும் தேற்றம் அப்படி ஒன்று. முனைகள் இரண்டையும் சேர்த்த இடைவெளியில், தொடர்ச்சியான சார்புகளின் மதிப்புகள் ஒவ்வொரு x-இலும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டே (அல்லது ஏறிக்கொண்டே) போய்த் தொடர்ச்சியான சார்பு ஒன்றைச் சேர்ந்தால், ஒருங்கல் சீரானதுதான். xⁿ − x²ⁿ இந்த நிபந்தனையில் தேறாது. x = 0.9-இல் அதன் மதிப்பு n = 1-க்கு 0.09, n = 5-க்கு ஏறக்குறைய 0.24, n = 20-க்கு ஏறக்குறைய 0.11. முதலில் ஏறி, பிறகுதான் இறங்குகிறது.